மார்க்கெட் டிராலிக்கு ஒரு தர வீடு: மூன்று கணக்கு, மூன்று முதலிடம்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொருள் வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெரிய அட்டவணையை நிரப்பியாக வேண்டும். இடப்பக்கம் வாடிக்கையாளர் தேவைகள், மேலே பொறியியல் அளவைகள், நடுவில் 1, 3, 9 என்று எண்கள், உச்சியில் கூரைபோல ஒரு முக்கோணம். இதுதான் ‘ஹவுஸ் ஆஃப் குவாலிட்டி’, தமிழில் தர வீடு. கணினி கூட்டிப் பெருக்கிக் கீழ்வரிசையில் விழுக்காடு காட்டும். எது அதிகமோ அதற்கு மஞ்சள் வண்ணம் பூசி அறிக்கையில் ஒட்டிவிடுவார்கள். அதன்பிறகு அந்தப் பக்கத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

குழப்பம் பெருக்கலில் இல்லை. அது தொடக்கப்பள்ளிக் கணக்கு. பெருக்கலுக்கு முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும், பெருக்கி வந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற இரண்டும் தெளிவாகச் சொல்லப்படாததால்தான் இந்த அட்டவணை சடங்காகிவிடுகிறது. ஒரே ஒரு பொருளை எடுத்து இதைக் கடைசிவரை பார்ப்போம்: சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போகும் மூத்தோர் இழுத்துச் செல்லும் மடக்கு டிராலி. கட்டுரையில் வரும் பேச்சும் மதிப்பெண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. கணக்கிடும் முறையும் இயற்பியலும் உண்மையானவை.

## பெயரும் பிறப்பும்

தர வீடு தனிப்பொருள் அல்ல. ‘குவாலிட்டி ஃபங்ஷன் டிப்ளாய்மென்ட்’, சுருக்கமாகக் கியூஎஃப்டி என்ற முறையின் முதல் கட்டம். 1960களின் இறுதியில் ஜப்பானில் யோஜி அகாவோ இந்த எண்ணத்தை வளர்த்தெடுத்தார். ஷிகேரு மிசுனோவும் உடன் உழைத்தார். 1972இல் மிட்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனத்தின் கோபே கப்பல் கட்டும் தளம் இதை அட்டவணை வடிவில் பயன்படுத்தியது. ஜான் ஹவுசரும் டான் கிளாசிங்கும் 1988இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில், கார்க் கதவை எடுத்துக்காட்டாக வைத்து எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஆங்கில உலகம் இதைப் பரவலாக அறிந்தது.

அன்றைய கேள்வி எளிமையானது. பொருள் தயாரான பிறகு குறை தேடுவது ஏற்கெனவே பழகிய வேலை. வரைபடம் போடும்போதே எதைக் கவனிக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்குபவரின் பேச்சிலிருந்து தொடங்கு என்பதுதான் அகாவோ தந்த விடை.

## வாய்ச்சொல்லிலிருந்து தேவைக்கு

இடப்பக்க வரிசைகள்தான் வீட்டின் அடித்தளம். அவை மாணவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியவையாக இருந்தால் மேலே கட்டுவது எதுவும் நிற்காது. சந்தைக்கே போய்க் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டாலும் மக்கள் பெரும்பாலும் தேவையைச் சொல்வதில்லை, தீர்வைச் சொல்வார்கள்.

“பாட்டி, இந்த டிராலியில என்ன மாத்துனா உங்களுக்கு நல்லா இருக்கும்?”

“சக்கரம் பெருசா வேணும் தம்பி.”

இங்கேயே நிறுத்திவிட்டு “பெரிய சக்கரம்” என்று வரிசையில் எழுதிவிடுவது மிகவும் வழக்கமான பிழை. இன்னொரு கேள்வி கேட்டால் கதை மாறும்.

“ஏன் பாட்டி, இப்ப இருக்கிற சக்கரம் என்ன பண்ணுது?”

“பஸ் ஸ்டாப்புகிட்ட ரோட்டுலேர்ந்து மேடை ஏத்தணும்ல, அங்க வந்தா நின்னுக்கும். திரும்பி நின்னு ரெண்டு கையாலயும் இழுத்தாத்தான் வரும். ராத்திரி முதுகு பிடிச்சுக்கும்.”

இப்போது தேவை வெளியே வந்துவிட்டது: நடைபாதை விளிம்பில் லேசாக ஏற வேண்டும். பெரிய சக்கரம் அதற்கு ஒரு வழி. மூன்று சிறு சக்கரங்களை ஒரே அச்சில் முக்கோணமாகப் பூட்டுவது இன்னொரு வழி. வண்டியின் எடையைக் குறைப்பது மூன்றாவது. வரிசையில் “பெரிய சக்கரம்” என்று எழுதிய நொடியில் மற்ற இரண்டும் செத்துவிடுகின்றன. ஒரு வரி தேவையா தீர்வா என்று சந்தேகம் வந்தால், “இதை வேறு எப்படி நிறைவேற்றலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். விடையே இல்லையென்றால் அது தீர்வுதான்.

எத்தனை பேரிடம் கேட்பது? ஏபி கிரிஃபினும் ஹவுசரும் 1993இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே மாதிரியான வாடிக்கையாளர்களில் 20 முதல் 30 பேரிடம் ஒவ்வொருவராக விரிவாகப் பேசினால் தேவைகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிடைத்துவிடும். இருநூறு பேருக்குப் படிவம் அனுப்புவதைவிட, மீன் கடைக்கு முன்னால் இருபது பேரோடு நின்று பேசுவது இந்தக் கட்டத்துக்கு மேல். படிவத்துக்கும் வேலை உண்டு, ஆனால் பிறகு: கிடைத்த தேவைகளில் எது எவ்வளவு முக்கியம் என்று மதிப்பெண் வாங்குவதற்கு.

நமது டிராலிக்கு ஐந்து தேவைகளை மட்டும் வைத்துக்கொள்வோம். அடைப்பில் இருப்பது 5க்கு எத்தனை முக்கியம் என்ற எண்.

1. நடைபாதை விளிம்பில் லேசாக ஏற வேண்டும் (5)
2. மீன் தண்ணீர் வெளியே சொட்டக் கூடாது (4)
3. வீட்டில் வைத்தால் இடத்தை அடைக்கக் கூடாது (3)
4. பேருந்தில் உருளவோ கவிழவோ கூடாது (4)
5. வெறும் வண்டியைத் தூக்கினால் கனக்கக் கூடாது (3)

## தேவையிலிருந்து அளவைக்கு

அடுத்தது மேல்வரிசை. ஒவ்வொரு தேவைக்கும் “இது நிறைவேறியதா என்று எதை அளந்து சொல்வேன்?” என்ற கேள்விக்கான விடை இங்கே வரும். அளவைக்கு மூன்று அடையாளங்கள்: ஓர் அலகு இருக்கும், கூட வேண்டுமா குறைய வேண்டுமா என்று திசை இருக்கும், யார் அளந்தாலும் கிட்டத்தட்ட அதே எண் வரும்படி ஒரு சோதனை முறை இருக்கும்.

“உறுதி”, “தரமான துணி”, “பயன்பாட்டு எளிமை” என்றெல்லாம் மேல்வரிசையில் எழுதப்பட்டிருந்தால் தேவையையே வேறு சொல்லில் திரும்ப எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். மறுபக்கம், “முச்சக்கர அமைப்பு” என்று எழுதினால் தீர்வு மீண்டும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. நமது ஆறு அளவைகள் இவை:

1. இழுவிசை: 10 கிலோ சுமையோடு 50 மி.மீ. விளிம்பில் ஏற்றத் தேவையான விசை, நியூட்டனில். குறைய வேண்டும்.
2. கசிவு: பைக்குள் அரை லிட்டர் நீர் ஊற்றி அரை மணி நேரத்தில் வெளியேறும் அளவு, மில்லிலிட்டரில். குறைய வேண்டும்.
3. மடிப்புத் தடிமன்: மடக்கிய நிலையில், மி.மீ. கணக்கில். குறைய வேண்டும்.
4. உருளல் கோணம்: நிறுத்திவைத்த வண்டி தானாக உருளத் தொடங்கும் சாய்வு, பாகையில். கூட வேண்டும்.
5. வெறும் எடை: கிலோவில். குறைய வேண்டும்.
6. கவிழ்கோணம்: பக்கவாட்டில் சாய்த்தால் விழத் தொடங்கும் சாய்வு, பாகையில். கூட வேண்டும்.

## நடு அறையை நிரப்புதல்

இனி ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கேள்வி: இந்த அளவையைத் திருத்தினால் அந்தத் தேவை எவ்வளவு நிறைவேறும்? வலுவான தொடர்பு என்றால் 9, நடுத்தரம் 3, லேசானது 1, இல்லையென்றால் வெற்று. இரண்டு கட்டங்களுக்கு மட்டும் காரணம் சொல்லிவிடுகிறேன். வெறும் எடை குறைந்தால் விளிம்பில் ஏற்றுவதும் ஓரளவு லேசாகும். ஆனால் சுமைதான் பெரும்பகுதி, ஆகவே 3. கவிழ்கோணம் கூடினால் மீன் தண்ணீர் சிந்துவது குறையும், வண்டி விழுந்தால்தானே பை கொட்டும், அதற்கும் 3.

| தேவை | முக்கியம் | இழுவிசை | கசிவு | தடிமன் | உருளல் | எடை | கவிழ்தல் |
|---|---|---|---|---|---|---|---|
| விளிம்பில் ஏற | 5 | 9 | | | | 3 | |
| மீன் தண்ணீர் | 4 | | 9 | | | | 3 |
| இடம் அடைக்காமை | 3 | | | 9 | | | |
| பேருந்தில் நிற்க | 4 | | | | 9 | | 9 |
| தூக்க லேசு | 3 | | | | | 9 | |
| மொத்தம் | | 45 | 36 | 27 | 36 | 42 | 48 |

ஒவ்வொரு எண்ணையும் அந்த வரிசையின் முக்கியத்தால் பெருக்கி மேலிருந்து கீழே கூட்டினால் கடைசி வரி வரும். இழுவிசைக்கு 5 × 9 = 45. எடைக்கு 5 × 3, 3 × 9 இரண்டும் சேர்ந்து 42. கவிழ்கோணத்துக்கு 4 × 3, 4 × 9 இரண்டும் சேர்ந்து 48.

பெருக்குவதற்கு முன்னாலேயே பார்க்கக்கூடிய இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒரு வரிசையில் எங்குமே 9 இல்லையென்றால், அந்தத் தேவையைக் கவனிக்க நம்மிடம் சரியான அளவை இல்லை. ஒரு செங்குத்து வரி முழுவதும் வெற்றாக இருந்தால், யாரும் கேட்காத ஒன்றை அளக்கக் கிளம்பியிருக்கிறோம்.

## மொத்தத்தை நம்பலாமா?

கவிழ்கோணம் முதலிடம். ஆனால் சந்தையில் பாட்டி முதுகுவலியைப் பற்றித்தான் பேசினார். 5 மதிப்பெண் பெற்ற தேவை அதுதான். அதைக் கவனிக்கும் இழுவிசை இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டதே! இது வாடிக்கையாளர் வாயிலிருந்து வராத புதிய உண்மையா, அல்லது கணக்கு செய்த வேலையா? தட்டிப் பார்க்க மூன்று வழிகள் உள்ளன.

முதல் தட்டு: ஒரே ஒரு கட்டத்தை மாற்றுங்கள். மீன் தண்ணீர் வரிசையில் கவிழ்கோணத்துக்கு 3 போட்டோம். குழுவில் ஒருவர், “வண்டி விழுறதே அபூர்வம், 1 போதும்” என்று சொன்னால் அதையும் மறுக்க முடியாது. மாற்றினால் கவிழ்கோணம் 48இலிருந்து 40க்கு இறங்கி மூன்றாம் இடத்துக்குப் போகிறது. இழுவிசை 45உடன் முதலிடம். ஒருவர் கருத்தில் ஒரு படி மாற்றம், முதலிடமே மாறிவிட்டது.

இரண்டாம் தட்டு: அளவுகோலை மாற்றுங்கள். 9 என்பது 3ஐப் போல உண்மையிலேயே மூன்று மடங்கு வலுவானது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. வலு, நடு, லேசு என்ற வரிசைமுறைக்குத் தந்த பெயர்கள்தான் இவை. சிலர் 1, 3, 5 என்று வைப்பார்கள். அதே கருத்துகளை அப்படி எண்ணாக்கினால் கவிழ்கோணம் 32, எடை 30, இழுவிசை 25. முக்கியமான தேவையைக் கவனிக்கும் அளவை மூன்றாம் இடம்.

மூன்றாம் தட்டு: வரிசைகளின் குரலைச் சமப்படுத்துங்கள். இதுதான் பெரும்பாலானவர்கள் கண்ணில் படாத ஓட்டை. விளிம்புத் தேவையின் வரிசையில் 9, 3. கூட்டினால் 12, முக்கியம் 5ஆல் பெருக்கினால் 60. பேருந்துத் தேவையின் வரிசையில் 9, 9. கூட்டினால் 18, முக்கியம் 4ஆல் பெருக்கினால் 72. அதாவது 4 மதிப்பெண் பெற்ற தேவை, 5 பெற்றதைவிடச் சத்தமாகப் பேசுகிறது. காரணம் வாடிக்கையாளர் அல்ல. அந்தத் தேவைக்கு நாம் இரண்டு வலுவான அளவைகளைக் கண்டுபிடித்தோம், அவ்வளவுதான். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு எண்ணையும் அதன் வரிசைக் கூட்டுத்தொகையால் வகுத்துவிட்டு, பிறகு முக்கியத்தால் பெருக்க வேண்டும். அப்படிச் செய்தால் எடை 4.25, இழுவிசை 3.75, கசிவு, தடிமன், கவிழ்கோணம் மூன்றும் 3, உருளல் 2. மொத்தம் 19, அதாவது ஐந்து தேவைகளின் முக்கியங்களின் கூட்டுத்தொகையே. யாருக்கும் கூடுதல் வாக்கு இல்லை.

ஆக தட்டிப் பார்த்த மூன்று கணக்கு, மூன்று முதலிடம்: இழுவிசை, கவிழ்கோணம், எடை. வீடு பயனற்றது என்று முடிவுகட்டத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் பட்டியலையும் சேர்த்து நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது: முதலில் மூன்றாம் இடத்தில் இருந்த வெறும் எடை, மூன்று தட்டிலும் இரண்டாம் இடத்துக்குக் கீழே இறங்கவில்லை. அதன் தேவைக்கு 3 மதிப்பெண்தான் கிடைத்தது. யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவுமில்லை. எப்படிக் கணக்கிட்டாலும் அசையாமல் நிற்கும் அளவை எது என்பதைத்தான் கடைசி வரியில் தேட வேண்டும். எட்டு விழுக்காட்டுக்கும் ஒன்பது விழுக்காட்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டில் தேட எதுவும் இல்லை.

இதோடு சேர்த்து இன்னொரு பிழை. ஒரே தேவை இரண்டு பெயரில் வந்துவிட்டால் (“விளிம்பில் ஏற வேண்டும்”, “படியில் ஏற வேண்டும்”), இரண்டுக்கும் 5 போட்டால், இழுவிசை 90க்குத் தாவும். ஒரே புகாரை இரண்டு முறை எண்ணியிருக்கிறோம். பேட்டிக் குறிப்புகளைத் துண்டுத் தாள்களில் எழுதி, ஒத்தவற்றை ஒன்றாகக் குவிக்கும் வேலையை அவசரத்தில் தாண்டியவர்களுக்கு இது தவறாமல் நடக்கும்.

## கூரை: எது எதோடு மோதும்

உச்சியில் உள்ள முக்கோணம், அளவைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் இடம். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெட்டால் எதிர்க்குறி, சேர்ந்து நன்றானால் கூட்டல்குறி. பல அறிக்கைகளில் இது அழகுக்காக நிரப்பப்பட்டிருக்கும். உண்மையில் வடிவமைப்பாளருக்கு அதிகம் பயன்படுவது இதுதான்; ஏனென்றால் இங்கேதான் பாட்டியின் “பெரிய சக்கரம்” மீண்டும் வந்து நிற்கிறது.

சக்கரத்தைப் பெரிதாக்கினால் இழுவிசை குறையும். ஆனால் மடிப்புத் தடிமன் கூடும், எடையும் கூடும். பொருளின் ஈர்ப்பு மையம் உயர்வதால் கவிழ்கோணமும் குறையும். இழுவிசைக்கும் தடிமனுக்கும் நடுவில் ஒரு எதிர்க்குறி போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. எவ்வளவு கிடைக்கிறது, எவ்வளவு போகிறது என்று கணக்கிட வேண்டும். சக்கரம் விளிம்பில் ஏறத் தேவையான விசைக்குச் சூத்திரம் இது:

```
s = √(2rh − h²)
F = W·s / ((r − h)·cos θ + s·sin θ)
```

இங்கே r சக்கரத்தின் ஆரம், h விளிம்பின் உயரம், W சக்கரத்தின் மேல் இருக்கும் எடை, θ இழுக்கும் திசை தரையோடு செய்யும் கோணம். 10 கிலோவை ஏறத்தாழ 100 நியூட்டன் என்று வைப்போம். விளிம்பு 50 மி.மீ.

கிடையாக இழுத்தால், 160 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு 247 நியூட்டன் வேண்டும், 200 மி.மீ. சக்கரத்துக்கு 173. பெரிய சக்கரம் அமோக வெற்றி. ஆனால் யாரும் டிராலியைக் கிடையாக இழுப்பதில்லை. கைப்பிடி சாய்ந்து மேலே வருகிறது. 45 பாகையில் இழுத்தால் அதே இரண்டு எண்களும் 101, 90 ஆகிவிடுகின்றன. 74 நியூட்டன் இலாபம் 11ஆகச் சுருங்கிவிட்டது.

இந்த 11 நியூட்டனுக்கு என்ன விலை? கழற்ற முடியாத சக்கரம் என்றால் மடித்த வண்டி 40 மி.மீ. வரை தடிக்கும். வாசலில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் சொருகிவைக்கும் வீவக அடுக்குமாடி வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. மாற்று வழி: சட்டத்தின் எடையில் 0.7 கிலோவைக் குறைத்தால் W ஏறத்தாழ 7 நியூட்டன் குறையும், 45 பாகையில் இழுவிசையும் அதே அளவு குறையும். தடிமன் மாறாது, தூக்குவதும் லேசாகும். மூன்று தட்டிலும் அசையாமல் நின்ற வெறும் எடை இங்கேயும் தன் பங்கைக் காட்டுகிறது. முச்சக்கர அமைப்பு இந்த இடத்தில் தோற்றுவிடும். விளிம்பில் நன்றாக ஏறும், ஆனால் ஆறு சக்கரங்களையும் இரண்டு தாங்கிகளையும் எப்போதும் சுமக்க வேண்டும்.

கவிழ்கோணத்துக்கும் இதேபோல ஒரு சிறு கணக்கு உண்டு. இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 340 மி.மீ., ஈர்ப்பு மையம் 400 மி.மீ. உயரம் என்றால் வண்டி 23 பாகையில் கவிழும். இடைவெளியை 400க்கு விரித்தால் 26.6 பாகை, ஆனால் மடித்த வண்டி அகலமாகும், மின்தூக்கியிலும் பேருந்திலும் அடுத்தவர் காலில் இடிக்கும். விரிக்காமல் பையைக் கீழே இறக்கி ஈர்ப்பு மையத்தை 40 மி.மீ. தாழ்த்தினால் 25.3 பாகை. கூடுதலில் பாதிக்கு மேல் இலவசமாகக் கிடைத்துவிட்டது. கூரையில் ஓர் எதிர்க்குறி இருந்தால், மோதலைத் தவிர்க்கும் மூன்றாவது வழி உண்டா என்று தேடச் சொல்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

## இரண்டு ஒப்பீடுகள் முரண்பட்டால்

வீட்டின் வலப்பக்கத்தில், நமது பொருளையும் போட்டிப் பொருள்களையும் பற்றி வாடிக்கையாளர் தரும் மதிப்பெண்கள் வரும். அடித்தளத்தில், அதே பொருள்களை ஆய்வகத்தில் அளந்த எண்கள் வரும். வலப்பக்க எண்களைக்கொண்டு முக்கியத்தைத் திருத்தும் வழக்கமும் உண்டு: எட்ட விரும்பும் மதிப்பெண்ணை இப்போதைய மதிப்பெண்ணால் வகுத்துப் பெருக்குவார்கள், விற்பனைக்குச் சொல்லிக்கொள்ளக்கூடிய அம்சம் என்றால் 1.2 அல்லது 1.5ஆலும் பெருக்குவார்கள். ஆசை எண்கள் நுழைய இது வசதியான வாசல் என்பதால் இதில் நிதானம் வேண்டும்.

இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பதுதான் மதிப்புள்ள வேலை. நமது மாதிரி வண்டியில் கசிவு 0 மில்லிலிட்டர். போட்டி வண்டியில் 15. ஆனால் சந்தையில் கொடுத்துப் பார்த்தால் பாட்டிகள் நமது வண்டிக்கு 2 மதிப்பெண், மற்றதற்கு 4. ஆய்வகம் நல்லது என்கிறது, பயன்படுத்துபவர் மோசம் என்கிறார். இந்த நிலையில் வாடிக்கையாளருக்குப் புரியவில்லை என்று சொல்வது பொறியாளர்களுக்குக் கைவந்த கலை. தவறு பெரும்பாலும் அளவையில்தான் இருக்கும்.

பையைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். சோதனையில் பை மேசைமேல் நேராக நின்றது. நீர் அடித்தட்டில் தேங்கியது. அந்தத் தட்டில் தையல் இல்லை. இழுக்கும்போது வண்டி சாய்கிறது. மீன் தண்ணீர் பின்பக்க மூலைக்கு ஓடுகிறது. சரியாக அங்கே, அடித்தட்டும் பின்துணியும் சேரும் தையலில், ஊசித் துளைகள் வரிசையாக இருக்கின்றன. பேருந்தில் ஏறும்வரை சொட்டு வெளியே தெரியாது. ஏறி நிமிர்த்தி வைத்ததும் துணியில் ஊறிய நீர் சக்கரத்துக்குப் பக்கத்தில் இறங்கும். பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்துவது அப்போதுதான்.

ஆகவே மேல்வரிசையில் கசிவு என்ற அளவையையே திருத்தி எழுத வேண்டும்: அரை லிட்டர் நீர், வண்டி 45 பாகை சாய்ந்த நிலையில், அரை மணி நேரம். இழுவிசைக்கும் இழுக்கும் கோணத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்; கோணம் சொல்லாத இழுவிசை 247ஆ 101ஆ என்று யாருக்கும் தெரியாது.

## இலக்கும் அடுத்த வீடும்

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அடித்தளத்தின் கடைசி வரியில் இலக்கு எண் எழுதத் தகுதி வருகிறது. “இழுவிசை குறைய வேண்டும்” என்பது இலக்கு அல்ல. “10 கிலோ சுமை, 50 மி.மீ. விளிம்பு, 45 பாகை, 95 நியூட்டனுக்குள்” என்பது இலக்கு. அந்த எண் போட்டிப் பொருளின் அளவிலிருந்தும் மூத்தோரின் கைவலிமையிலிருந்தும் வர வேண்டும். அழகான முழு எண் என்பதற்காக 100 என்று எழுதுவது மிகவும் பரிச்சயமான சோம்பல்.

பிறகு இதே அளவைகள் அடுத்த வீட்டின் இடப்பக்க வரிசைகளாக மாறும். அந்த வீட்டின் மேல்வரிசையில்தான் சக்கர விட்டம், சட்டக் குழாயின் சுவர்த் தடிமன், பையின் தையல் வகை போன்ற பாகங்களின் பண்புகள் முதன்முதலாக நுழையலாம். அதற்கடுத்த வீடுகள் தயாரிப்பு முறைக்கும், அந்த முறையைக் கட்டுப்படுத்தும் சோதனைகளுக்கும் போகும். மாணவர் திட்டத்துக்கு இரண்டு வீடுகளே அதிகம்.

அளவிலும் கட்டுப்பாடு வேண்டும். 20 தேவை, 30 அளவை என்றால் 600 கட்டங்கள். கட்டத்துக்கு இரண்டு நிமிடம் வாதாடினாலும் 20 மணி நேரம். மூன்றாவது மணியிலிருந்து யாரும் வாதாட மாட்டார்கள். யார் கையில் விசைப்பலகையோ அவர் நினைத்தது விழும். எட்டுத் தேவை, பத்து அளவை போதும். ஒவ்வொரு 9க்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுதிவையுங்கள். மதிப்பீட்டாளர் சுட்டிக்காட்டிக் கேட்கப்போவது அந்தக் கட்டத்தைத்தான். டிராலியின் பின்பக்கத் தையலை எங்கே போட வேண்டும் என்று தையற்காரருக்குச் சொல்லும்போது உங்களுக்கே தேவைப்படப் போவதும் அந்த ஒரு வரிதான்.